கோட்டுக்குக் கீழிருந்து மேலே: சீக்வென்ட் கால்குலஸ் வகுப்புக் குறிப்பு

போன வாரம் நீங்கள் கொடுத்த தாள்களை நேற்றிரவு படித்தேன். பியர்ஸ் விதியை, அதாவது ((A→B)→A)→A என்பதை, நேச்சுரல் டிடக்‌ஷனில் நிரூபிக்கச் சொல்லியிருந்தேன். பெரும்பாலானோர் முடித்திருக்கிறீர்கள். ஆனால் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் அடித்தல் திருத்தல். (A→B)→A என்று எடுத்துக்கொண்டாகிவிட்டது, A வேண்டும், அடுத்து என்ன? ஒருவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "¬A எடுத்துக்கொண்டால் சரியாக வருகிறது, ஆனால் அது எனக்கு எப்படித் தோன்ற வேண்டும்?" இந்தக் குறிப்பு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நேச்சுரல் டிடக்‌ஷன் நாம் சிந்திக்கும் வழியை ஒட்டிப் போகிறது. எடுகோளை வைத்து, கீழ்நோக்கி நகர்ந்து, பிறகு எடுகோளை விடுவிக்கிறோம். குறை எங்கே என்றால், நடுவழியில் ஒரு வரியைச் சுட்டி "இங்கே எந்தெந்த எடுகோள்கள் உயிரோடு இருக்கின்றன?" என்று கேட்டால் பதில் அந்த வரியில் இருக்காது. மரம் முழுவதையும் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். கெர்ஹார்ட் கென்ட்சன் 1934–35ல் வெளியிட்ட கட்டுரையிலேயே இரண்டு முறைகளும் இருக்கின்றன. சீக்வென்டில் அவர் அந்தக் கணக்கு முழுவதையும் வரிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்.

ஒரு சீக்வென்ட் இப்படி இருக்கும்:

```
A1, A2, ..., Am ⊢ B1, B2, ..., Bn
```

இடப்பக்கக் காற்புள்ளியை "மேலும்" என்றும் வலப்பக்கக் காற்புள்ளியை "அல்லது" என்றும் படியுங்கள். இடப்பக்கம் உள்ளவை எல்லாம் மெய்யானால், வலப்பக்கம் உள்ளவற்றில் ஒன்றாவது மெய். இதைத் தலைகீழாகவும் சொல்லலாம், எனக்கு அதுதான் பிடித்தமானது: இடப்பக்கம் எல்லாம் மெய், வலப்பக்கம் எல்லாம் பொய் என்று ஒருசேர இருக்க முடியாது. இரண்டாவது வாசிப்பை மனத்தில் இருத்திக்கொண்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் நீங்களே எழுதிவிடலாம்.

மரத்தின் இலைகளாக நிற்பவை இடத்திலும் வலத்திலும் ஒரே சூத்திரம் உள்ள சீக்வென்ட்கள்: Γ, A ⊢ Δ, A. Γ, Δ என்பவை கூட இருக்கும் மற்ற சூத்திரங்கள். அவற்றின் வரிசை பொருட்டல்ல. இனி இணைப்பிகள். L என்றால் இடப்பக்க விதி, R என்றால் வலப்பக்க விதி:

```
 Γ, A, B ⊢ Δ           Γ ⊢ Δ, A    Γ ⊢ Δ, B
-------------- ∧L      --------------------- ∧R
 Γ, A∧B ⊢ Δ                 Γ ⊢ Δ, A∧B

 Γ, A ⊢ Δ    Γ, B ⊢ Δ         Γ ⊢ Δ, A, B
---------------------- ∨L    -------------- ∨R
     Γ, A∨B ⊢ Δ               Γ ⊢ Δ, A∨B

 Γ ⊢ Δ, A    Γ, B ⊢ Δ         Γ, A ⊢ Δ, B
---------------------- →L    -------------- →R
     Γ, A→B ⊢ Δ               Γ ⊢ Δ, A→B
```

மறுப்புக்குக் குறி மாற்றம் மட்டும்தான்: இடத்தில் ¬A இருந்தால் A வலத்துக்குப் போகும், வலத்தில் இருந்தால் இடத்துக்கு வரும்.

R விதிகள் உங்களுக்குப் பழகியவை. அறிமுக விதிகளே அவை. L விதிகள்தான் முதலில் குழப்பும், ஏனென்றால் நீக்க விதிகளின் வேலையை அவை செய்கின்றன, ஆனால் எதையும் நீக்குவதில்லை. நேச்சுரல் டிடக்‌ஷனில் A∧B கையில் இருந்தால் அதிலிருந்து A-ஐக் கீழே இறக்குவீர்கள். இங்கே A∧B கோட்டுக்குக் கீழே, இடப்பக்கத்தில் இருக்கிறது. மேலே போகும்போது அது A, B என்று பிரிகிறது. எந்த விதியானாலும் இணைப்பி கோட்டுக்குக் கீழேதான் தோன்றும். ஆகவே கீழிருந்து மேலே ஏறும் ஒவ்வொரு படியிலும் ஓர் இணைப்பி குறைந்துகொண்டே போகும்.

→L விதியில் மட்டும் சற்று நில்லுங்கள், அதிகத் தவறு அங்கேதான் நடக்கிறது. A→B உங்களிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, A-ஐ நிரூபிப்பது. அதனால் A வலப்பக்கம் போகிறது. இன்னொன்று, B கிடைத்துவிட்டது என்று வைத்து மேலே தொடர்வது. அதனால் B இடப்பக்கம் வருகிறது. முன்னது வலம், பின்னது இடம். இதை மாற்றிப் போட்டால் பிறகு எதுவும் சரியாக வராது.

இப்போது பியர்ஸ் விதி. கீழ்வரியை முதலில் எழுதுங்கள். தாளின் அடியில், மேலே நிறைய இடம் விட்டு.

```
  A ⊢ B, A
 ----------- →R
  ⊢ A→B, A          A ⊢ A
 -------------------------- →L
       (A→B)→A ⊢ A
 -------------------------- →R
    ⊢ ((A→B)→A)→A
```

நான்கே நிலைகள். எங்கேயும் யோசனை "தோன்ற" வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு நிலையிலும் பிரிக்க ஒரே ஒரு சூத்திரம்தான் இருந்தது. இடது கிளையை உற்றுப் பாருங்கள். A→B-ஐ நிரூபிக்கப் போகும்போது, வலப்பக்கம் பழைய இலக்கான A அப்படியே காத்திருக்கிறது. →R இடப்பக்கத்துக்கு ஓர் A-ஐக் கொடுத்ததும், காத்திருந்த A-உடன் அது பொருந்திவிடுகிறது. B-ஐ யாரும் நிரூபிக்கவே இல்லை. உங்கள் தாள்களில் எங்கிருந்தோ வந்து குதித்த ¬A எடுகோள் இதுதான். வலப்பக்கம் ஒரு சூத்திரம் காத்திருப்பதும், அதன் மறுப்பை எடுகோளாக வைத்திருப்பதும் ஒரே விஷயம். பென்சிலில் கேட்டவருக்கு: ¬A தோன்ற வேண்டியதில்லை, இலக்கைக் கைவிடாமல் வைத்திருந்தாலே போதும்.

நிரூபணம் இல்லாத இடத்தில் இந்த முறை இன்னும் நன்றாக உதவுகிறது. ⊢ (A→B)→(B→A) என்று எழுதி மேலே ஏறுங்கள். இரண்டு →R, பிறகு ஒரு →L. இரண்டு கிளையிலும் மிஞ்சுவது B ⊢ A என்ற வடிவம்தான். பிரிக்க எதுவும் இல்லை, பொருந்தவும் இல்லை. இரண்டாவது வாசிப்பை நினைவுபடுத்துங்கள்: இடம் மெய், வலம் பொய். B மெய், A பொய் என்று வையுங்கள். அதுவே எதிர் எடுத்துக்காட்டு. மேலே கொடுத்த விதிகள் எல்லாம் இருவழியிலும் செல்லுபடியாவதால், எந்த வரிசையில் பிரித்தாலும் முடிவு மாறாது. நேச்சுரல் டிடக்‌ஷனில் நிரூபணம் கிடைக்கவில்லை என்றால், அது இல்லையா நமக்கு அகப்படவில்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம். இங்கே தோற்றுப்போன மரமே பதிலைச் சொல்லிவிடுகிறது. ஒரு சின்ன யோசனை: கிளை பிரியாத விதிகளை (∧L, ∨R, →R) முதலில் முடித்துவிடுங்கள். மரம் மெலிதாக இருக்கும்.

அளவையடைகளுக்கு வந்தால் இந்த நிம்மதி குறைகிறது.

```
 Γ ⊢ Δ, P(a)               Γ ⊢ Δ, ∃xP(x), P(t)
-------------- ∀R         --------------------- ∃R
 Γ ⊢ Δ, ∀xP(x)              Γ ⊢ Δ, ∃xP(x)
```

∀R-இல் a புதுப்பெயராக இருக்க வேண்டும்: கோட்டுக்குக் கீழே உள்ள சீக்வென்டில் எங்கும் வந்திருக்கக்கூடாது. ∀R-ஐ இடப்பக்கத்துக்கு மாற்றினால் ∃L, ∃R-ஐ மாற்றினால் ∀L. ∃L-க்கும் இதே நிபந்தனை. இதை மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ∃xP(x) ⊢ ∀xP(x) என்பதில் ∀R போட்டு ∃xP(x) ⊢ P(a) ஆக்குகிறோம். அடுத்து ∃L போட்டு அதே a-ஐ மறுபடி எடுத்தால் P(a) ⊢ P(a). நிரூபணம் போலவே இருக்கிறது! "ஒருவருக்குக் காய்ச்சல், ஆகவே எல்லாருக்கும் காய்ச்சல்" என்று நிரூபித்துவிட்டோம். பிழை ஒற்றை எழுத்தில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு ∀R, ∃L கோட்டுக்குப் பக்கத்திலும் புதுப்பெயரை எழுதி வட்டமிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

∃R-இல் மேலே ∃xP(x) மீண்டும் எழுதப்பட்டிருப்பது கைப்பிழை இல்லை. ஒரு முறை கொடுத்த t போதாமல் போகலாம், இரண்டாவது வாய்ப்பு வேண்டும். ⊢ ∃x(P(x)→∀yP(y)) அதற்கு நல்ல உதாரணம். இந்த முழுச் சூத்திரத்தை D என்று சுருக்குகிறேன்.

```
 P(a), P(b) ⊢ D, ∀yP(y), P(b)
------------------------------- →R
 P(a) ⊢ D, P(b)→∀yP(y), P(b)
------------------------------- ∃R, t = b
 P(a) ⊢ D, P(b)
------------------------------- ∀R, b புதியது
 P(a) ⊢ D, ∀yP(y)
------------------------------- →R
 ⊢ D, P(a)→∀yP(y)
------------------------------- ∃R, t = a
 ⊢ D
```

முதலில் a-ஐக் கொடுத்தோம், அதற்கு b என்ற பெயர் மறுப்பாக வந்தது. பிறகு அந்த b-ஐயே எடுத்துக் கொடுத்தோம். D-யின் நகல் இல்லாமல் இது நடக்காது. இந்த நகலெடுப்பைச் சுருக்கல் விதி என்றும், தேவையில்லாத சூத்திரத்தைச் சேர்த்துக்கொள்வதைத் தளர்த்தல் விதி என்றும் கென்ட்சன் தனித்தனியே வைத்தார். நம் விதிகள் அவற்றை உள்ளடக்கிக்கொண்டன. அந்த இரண்டையும் கட்டுப்படுத்தும் நேரியல் தர்க்கத்தை ஷான்-ஈவ் ஷிரார் 1987ல் கொண்டுவந்தார். அது அடுத்த பருவத்துக்கு.

A∨¬A-ஐப் பொதுவிதியாக ஏற்காத உள்ளுணர்வுவாதத் தர்க்கத்துக்குப் புதிய விதித்தொகுதி தேவையில்லை என்பது கென்ட்சன் கண்டதில் மிக அழகானது. அவருடைய விதிகளில், வலப்பக்கம் ஒரு சூத்திரத்துக்கு மேல் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். அவ்வளவுதான். ⊢ A∨¬A-ஐ எடுத்துக்கொண்டால், முன்பு ⊢ A, ¬A என்று பிரிந்து உடனே A ⊢ A ஆகிவிட்டது. இப்போது வலப்பக்கம் இடம் ஒன்றே. A-ஆ ¬A-ஆ என்று முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். எதை எடுத்தாலும் சிக்கிக்கொள்வோம். பியர்ஸ் விதியிலும் காத்திருந்த A-க்கு இடமில்லாமல் போய்விடும். ஆனால் விலை உண்டு: ∨R இனி இருவழி விதி இல்லை, தவறாகத் தேர்ந்தால் பின்வாங்கி வர வேண்டும்.

கடைசியாக வெட்டு விதி.

```
 Γ ⊢ Δ, A    Γ, A ⊢ Δ
---------------------- வெட்டு
       Γ ⊢ Δ
```

இது துணைத்தேற்றம். A-ஐ நிரூபித்து, A-ஐப் பயன்படுத்தி, பிறகு மறந்துவிடுகிறோம். கீழிருந்து ஏறுபவருக்கு இது மட்டும் அந்நியமானது, ஏனென்றால் A கோட்டுக்குக் கீழே எங்கும் இல்லை, வானத்திலிருந்து எடுக்க வேண்டும். வெட்டு உள்ள எந்த நிரூபணத்தையும் வெட்டு இல்லாததாக மாற்றலாம் என்பதே கென்ட்சனின் தலையாய தேற்றம். அப்படி மாற்றியபின் மரத்தில் வரும் ஒவ்வொரு சூத்திரமும் கீழ்வரிச் சூத்திரங்களின் உட்சூத்திரமாகவே இருக்கும். முரண்பாடின்மையும் கூடவே வந்துவிடுகிறது: இருபுறமும் வெறுமையான சீக்வென்டுக்கு வெட்டைத் தவிர வேறு எந்த விதியும் கீழ்வரியாகப் பொருந்தாது, ஆகவே அதற்கு நிரூபணம் இல்லை. ஆனால் வெட்டை நீக்கினால் மரம் பயங்கரமாக வீங்கக்கூடும். கணித நூல்களில் துணைத்தேற்றங்கள் இருப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல.

அடுத்தவர் எழுதிய நிரூபணத்தைப் படிக்கும்போது, முதலில் இலைகள் எல்லாம் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு கீழே வந்து, ஒவ்வொரு கோட்டிலும் எந்தச் சூத்திரம் பிரிந்தது என்று விரல் வைத்துக்கொண்டே மேலே ஏறுங்கள். வெட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் எழுதியவரின் யோசனை இருக்கிறது. அங்கே நிதானமாக நின்று படியுங்கள்.

வியாழக்கிழமைக்குள் மூன்று கணக்குகள். (A→B)∨(B→A)-க்கு மரம் வரையுங்கள், வலப்பக்கம் ஒரே சூத்திரம் என்றால் எந்தக் கோட்டில் நின்றுபோகிறது என்று குறியுங்கள். ¬(A∧B) ⊢ ¬A∨¬B-க்கும் அதையே செய்யுங்கள். மூன்றாவதாக ∀x∃yR(x,y) ⊢ ∃y∀xR(x,y): இது மெய்யல்ல, ஆனாலும் மேலே ஏறிப் பாருங்கள். புதுப்பெயர் நிபந்தனை உங்களை எந்தக் கோட்டில் தடுக்கிறது, அந்தத் தடையை மீறினால் மரம் எப்படி மூடிக்கொண்டிருக்கும் என்று இரண்டையும் எழுதிக் கொண்டுவாருங்கள்.