ஓகேயு அட்டைப் பாரத்தை நிரப்புவது எப்படி? எளிய தமிழ் வழிகாட்டி

இந்தத் தாள், ஓகேயு அட்டை எடுக்க விரும்பும் கோலாலம்பூர் மக்களுக்காக எழுதப்பட்டது. பாரம் மலாய் மொழியில் இருக்கும். அதில் என்ன கேட்கிறார்கள் என்பதை இங்கே தமிழில் சொல்கிறோம். வாசிக்கச் சிரமமாக இருந்தால், வீட்டில் உள்ள ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இது என்ன அட்டை?

கண், காது, பேச்சு, உடல், கற்றல், மனநலம் ஆகியவற்றில் ஒன்றில் நீண்ட காலக் குறைபாடு உள்ளவர்களைச் சமூக நல இலாகா பதிவு செய்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்கள் ஏழாவது வகையில் வருவார்கள். பதிவு செய்தவருக்கு இந்த அட்டை கிடைக்கும். பதிவு செய்வது உங்கள் விருப்பம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அட்டை கிடைத்தவுடன் மாதப் பணமும் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வராது. பண உதவிக்கு வேறொரு பாரம் உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அந்தப் பாரத்தோடு இந்த அட்டையைக் காட்ட வேண்டியிருப்பதால், முதலில் இதை முடித்துவிடுவது நல்லது.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. "நான் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எழுதத் தொடங்கும் முன்

உங்கள் ஐசியையும் அதன் நகலையும் கடப்பிதழ் அளவுப் படத்தையும் எடுத்து வையுங்கள். பிள்ளைக்காக விண்ணப்பித்தால், பிள்ளையின் மைகிட் அட்டையும் பிறப்புப் பத்திரமும் தேவைப்படும். கறுப்பு மைப் பேனாவால், பெரிய எழுத்துகளில் எழுதுங்கள்.

உங்களைப் பற்றிய பகுதி

"நாமா" என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுத வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயரை எழுதக் கூடாது. தகப்பனார் பெயர் உட்பட, ஐசியில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். ஐசியில் எழுத்துப் பிழை இருந்தாலும் அதை இங்கே திருத்தக் கூடாது, ஏனென்றால் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பாரம் திரும்பி வரலாம்.

ஐசி எண்ணில் 12 இலக்கங்கள் உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். 1968-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி பிறந்தவருக்கு அவை 680503 என்று இருக்கும். எழுதி முடித்த பிறகு 12 இலக்கங்களும் இருக்கின்றனவா என்று விரலால் தொட்டு எண்ணிப் பாருங்கள்.

"அலாமாட்" என்பது முகவரி. ஐசியில் பழைய முகவரி இருந்து, நீங்கள் இப்போது வேறு வீட்டில் இருந்தால், பேனாவை எடுக்கும் முன் இலாகா அதிகாரியிடம் எதை எழுதுவது என்று கேளுங்கள். தொலைபேசி எண்ணை மட்டும் தவறில்லாமல் எழுதிவிடுங்கள். உங்களிடம் கைப்பேசி இல்லாவிட்டால் மகன், மகள் அல்லது நம்பிக்கையான உறவினரின் எண்ணைக் கொடுக்கலாம். அதை அவர்களிடம் முன்னதாகச் சொல்லி வையுங்கள்.

"வாரிஸ்" அல்லது "பெஞ்சாகா" என்ற இடத்தில், உங்களைப் பார்த்துக்கொள்பவரின் பெயரையும் ஐசி எண்ணையும் எழுத வேண்டும்.

"தண்டாதாங்கான்" என்றால் கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, அலுவலகத்தில் அதிகாரியின் முன் கட்டைவிரல் ரேகை வைக்கலாமா என்று கேளுங்கள். உங்களுக்காக வேறொருவர் உங்கள் கையெழுத்தைப் போடக் கூடாது, அவர் சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் கூடாது.

டாக்டர் எழுதும் பகுதி

உங்கள் குறைபாடு என்ன என்பதை டாக்டர் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இடுவார். இந்தப் பகுதியில் நீங்கள் ஒரு சொல்லும் எழுத வேண்டாம். பாரத்தை நீங்கள் சிகிச்சை பெறும் அரசாங்க மருத்துவமனைக்கோ கிளினிக்கிற்கோ எடுத்துச் செல்லுங்கள். பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, சிகிச்சைப் புத்தகம் எதையும் வீட்டில் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் உங்களை முதன்முறையாகப் பார்க்கும் டாக்டருக்கு அவைதான் உங்கள் நோயின் கதையைச் சொல்லும். புறப்படும் முன், முத்திரை பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். முத்திரைக்காக மட்டும் மறுபடி அலைபவர்கள் உண்டு.

எங்கே கொடுப்பது?

உங்கள் வீடு இருக்கும் இடத்துக்குரிய சமூக நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் வாசிகள் கோலாலம்பூர் அலுவலகத்துக்குப் போகலாம். பத்துமலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோலாலம்பூர் அருகில் இருந்தாலும் அவர்களுடைய இடம் சிலாங்கூரைச் சேர்ந்தது. அவர்கள் கோம்பாக் மாவட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பாரத்தை வாங்கிக்கொண்ட தேதியை அந்த நகலின் மேல் எழுதித் தரும்படி முகப்பில் இருப்பவரிடம் கேளுங்கள். பிறகு அட்டையைப் பற்றி விசாரிக்கப் போகும்போது அந்த நகலையும் ஐசியையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.