பணி விலகலின்போது உடைமை ஒப்படைப்புப் பட்டியலும் ஒப்புகையும்

தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம், குன்னூர்
பணியாளர் எண் 417, கணக்குப் பிரிவு
கடைசிப் பணிநாள்: 31.10.2025

லேப்டாப் (சொத்து எண் 22): 65 வாட் சார்ஜர், மவுஸ், பையுடன் வந்தது. அடிப்பக்க வரிசை எண் பதிவேட்டோடு ஒத்துப்போகிறது. வட்டைப் பூட்டிவைக்கும் BitLocker-இன் 48 இலக்க மீட்பு எண் கணினிப் பிரிவிடம் இருப்பதை உறுதிசெய்த பிறகே பெறப்பட்டது. அது இல்லாவிட்டால் வட்டிலுள்ள கணக்குகளைத் திறக்க முடியாமல் போகலாம். பணியாளரின் சொந்த மின்னஞ்சல், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் அவர் முன்னிலையில் நீக்கப்பட்டன. யூ.எஸ்.பி. துளையில் பச்சைக் களிம்பு படிந்துள்ளது. இது மலை ஈரத்தால் வருவது, பிடித்தம் கூடாது.

நுழைவு அட்டை 2: முன்வாயில், சர்வர் அறை. அட்டையைக் கையில் வாங்கினால் மட்டும் போதாது. மாலை 5.30க்கு மென்பொருளில் முடக்கி, இரண்டு கதவிலும் காட்டிப் பார்த்தோம்; திறக்கவில்லை.

சாவி: மேசை 1, பீரோ 2, கிடங்கு 1. கிடங்கின் மாற்றுச் சாவி வரவில்லை. பூட்டையே மாற்ற வேண்டும்; ரூ.650 இறுதிக் கணக்கில் பிடிக்கப்படும்.

“மேற்கண்டவற்றை ஒப்படைத்தேன். பிடித்தத்துக்குச் சம்மதம். அலுவலகக் கோப்புகளின் நகல் என்னிடம் இல்லை.”
ஒப்பம்: பணியாளர் எண் 417

“சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன். ஒரு பிரதி பணியாளருக்குத் தரப்பட்டது.”
ஒப்பம்: நிர்வாக அலுவலர், 31.10.2025