எண்ணாமல் எழுதிய 20

பி.எஸ்சி. நர்சிங், இரண்டாம் ஆண்டு. அறுவைசிகிச்சை வார்டு, மூன்றாம் வாரம், செவ்வாய், காலைப் பணி. நடந்ததைத் திரும்பிப் பார்த்துக் கற்பதற்கான கிப்ஸ் சுழற்சியின் ஆறு படிகளில் எழுதியது. நோயாளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

நடந்தது
பத்து மணி வைட்டல்ஸ் என் பொறுப்பு; எட்டுக் கட்டில்கள். ஏழாவதில், குடலிறக்க அறுவைசிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த 68 வயதுப் பாட்டி. மூக்குக் குழாயில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. வெப்பநிலை, நாடி, ரத்த அழுத்தம் பார்த்தேன். ஆக்சிஜன் அளவு 96. சார்ட்டில் மூச்சுக்கான கட்டத்தில் நிமிடத்துக்கு 20 என்று எழுதினேன். எண்ணவில்லை. முந்தைய ஆறு கட்டில்களுக்கும் அதே 20தான்.

பத்து நாற்பதுக்கு சிஸ்டர் வந்து, பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்தபடி ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். "28. நீ எவ்வளவு எழுதினாய்?" சார்ட் அவர் கையில்தான் இருந்தது. "எண்ணவில்லை, சிஸ்டர்" என்றேன்.

டாக்டர் வந்து பார்த்தார். வலிக்குப் பயந்து பாட்டி மேலோட்டமாகவே மூச்சு விட்டதில், நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியவில்லை என்றார். வலி மருந்து கொடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, மூச்சுப் பயிற்சி தொடங்கினார்கள். என் பதிவை ஒற்றைக் கோட்டால் அடித்துக் கையெழுத்திட்டேன், 28ஐ 10.40 என்ற நேரத்துடன் தனியாக எழுதவைத்தார் சிஸ்டர்.

உணர்வுகள்
அவமானம். அதைவிட மோசம், முதலில் பாட்டியைப் பற்றியல்ல, உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணைப் பற்றித்தான் பயந்தேன். "திட்டாதீர்கள் சிஸ்டர், காலையில் இந்தப் பிள்ளைதான் எனக்குத் தலை வாரிவிட்டது" என்று பாட்டி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னபோது அழுகை வந்துவிட்டது.

மதிப்பீடு
கேட்டவுடன் உண்மையைச் சொன்னது ஒன்றுதான் என் பக்கம் நன்று.

பகுப்பாய்வு
மற்ற அளவுகளைக் கருவி சொல்லிவிடுகிறது. மூச்சுக்கு நான் நின்று பார்க்க வேண்டும். இரவுப் பதிவுகளிலும் 20, 20 என்று வரிசையாக இருந்தது. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்பதால் அந்த எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. 96ஐப் பார்த்து நிம்மதியடைந்தது அடுத்த தவறு. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அந்த அளவு நன்றாகவே தெரியலாம்; அது குறையும் முன்பே மூச்சு வேகம் ஏறிவிடும். நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் மதிப்பெண் முறை என்று வகுப்பில் படித்த நியூஸ்படி 20க்கு பூஜ்யம், 25க்கும் அதற்கு மேலும் 3. அந்த 3 வந்தாலே மருத்துவரை அழைக்க வேண்டும். நான் எழுதிய எண் அந்த அழைப்பைத் தடுத்திருந்தது.

முடிவு
பார்க்காததை இயல்பு என்று எழுதியது சோம்பலாகத் தொடங்கினாலும், சார்ட்டில் ஏறியதும் பொய்யாகிவிட்டது. காலியாக விட்டிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

செயல்திட்டம்
நாடி பார்த்த கையை எடுக்காமல், முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவேன். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். முடியாத கட்டத்தைக் காலியாக விட்டு சிஸ்டரிடம் சொல்வேன். வயிற்று அறுவைசிகிச்சை செய்தவர்களிடம் இருமும்போது வலிக்கிறதா என்று கேட்பேன்.

புதன் காலை சேர்த்தது: 18, 16, 22, 18, 14, 17, 20, 19. ஏழாவது பாட்டியுடையது. வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் அதிகமாயிற்று.