டிரோன் மருந்து தெளிப்பு சோதனை: உறுப்பினர்களுக்கான அறிக்கை

இந்தப் பருவத்தில் 96 ஏக்கர் நெல்லில் டிரோன் வைத்து மருந்தடித்துப் பார்க்கத் திட்டமிட்டோம். மின்கம்பியும் தென்னையும் நெருக்கமாக இருந்த 11 ஏக்கரை முதல் நாளே ஒதுக்கினோம். மீதி 85 ஏக்கரில் இரண்டு சுற்று தெளித்தோம்; ஒவ்வொரு தெளிப்பையும் தனியாகக் கணக்கிட்டால் 170 ஏக்கர். டிரோனை வாங்கவில்லை. 10 லிட்டர் டேங்க் கொண்ட டிரோனை ஓட்டுநரோடு நாள் வாடகைக்கு எடுத்தோம். அவருடைய ரிமோட் பைலட் சான்றிதழ், டிரோனின் பதிவு எண், காப்பீடு மூன்றின் நகலையும் வாங்கிய பிறகே வயலில் இறக்கினோம்.

செலவு

வாடகை, 13 நாள் × 7,500: 97,500 ரூபாய்
ஜெனரேட்டர் பெட்ரோல்: 9,100
மருந்து கலக்கும் ஆள் கூலி: 7,800
வயல் எல்லை அளந்து கொடி நட: 4,250
நாசில், வடிகட்டி, சோதனைத் தாள்: 3,350
மொத்தம்: 1,22,000 ரூபாய்

சராசரியாக ஏக்கருக்கு 718 ரூபாய். கைத்தெளிப்பான் என்றால் ஏக்கருக்கு 12 டேங்க், டேங்குக்கு 50 என்று 600 ரூபாய்தான். ஆனால் சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். முதல் சுற்றில் கேட்டவர் கேட்ட நாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடித்ததில் 85 ஏக்கருக்கு 8 நாள் ஆனது. வாடகை, பெட்ரோல், கூலி மட்டும் ஏக்கருக்கு 828 ரூபாய். இரண்டாம் சுற்றில் அடுத்தடுத்த வயல்களை ஒரே நாளில் சேர்த்தோம். 5 நாளில் வேலை முடிந்து, அதே செலவு 518 ஆகக் குறைந்தது. டிரோனும் ஓட்டுநரும் மாறவில்லை. பேட்டரி, ஜெனரேட்டர், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கும் நேரம்தான் மிச்சமானது.

ஓட்டிய அளவுகள்

பயிருக்கு மேல் 2 மீட்டர் உயரம், வினாடிக்கு 4.5 மீட்டர் வேகம், ஏக்கருக்கு 10 லிட்டர் தண்ணீர். தண்ணீர்தான் குறைகிறது, மருந்து குறைவதில்லை. ஏக்கருக்குச் சொன்ன மருந்தின் அளவு அப்படியே போக வேண்டும். கரைசல் அந்த அளவுக்குக் கெட்டியாக இருப்பதால் கலக்குபவருக்குக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

முதலில் ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் 4 மீட்டர் இடைவெளி வைத்தோம். குச்சிகளில் மஞ்சள் சோதனைத் தாளை மீட்டருக்கு ஒன்றாகக் கட்டிப் பார்த்தபோது, டிரோன் நேர்மேலே போன இடத்தில் தாள் முழுக்க நீலப் புள்ளி. இரண்டு பட்டைகளும் சேரும் இடத்தில் எண்ணிவிடும் அளவுக்குச் சில புள்ளிகளே. இடைவெளியை 3.5 மீட்டராகக் குறைத்ததும் சரியானது. அந்தக் கணக்கில் நாசில்கள் நான்கும் சேர்ந்து நிமிடத்துக்கு 2.33 லிட்டர் தள்ள வேண்டும். காலையில் ஒவ்வொரு நாசிலுக்கு அடியிலும் அளவுக் குவளை வைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். 580 மில்லிக்கு அருகில் வராத நாசிலைக் கழற்றிக் கழுவுங்கள்.

பலன்

இலைச்சுருட்டுப்புழுவுக்கு நல்ல பலன். ஒப்பீட்டு வயல்களில் சேதமான இலை 12 சதவீதம் இருந்தது. பத்தாம் நாள் டிரோன் அடித்த வயலில் 3.1, கையால் அடித்ததில் 3.4. இரண்டும் ஒன்றுதான்.

புகையானுக்குப் போதவில்லை. பூச்சி தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கிறது. மேலிருந்து விழும் நுண்துளி அடர்ந்த பயிருக்குள் அவ்வளவு ஆழம் இறங்குவதில்லை. குத்துக்கு 14 இருந்தது டிரோன் வயலில் 8 ஆனது, கையால் அடித்த வயலில் 4 ஆனது. வேகத்தை 3 மீட்டராக்கி ஏக்கருக்கு 15 லிட்டர் கொடுத்தும் 6-க்குக் கீழே போகவில்லை. புகையான் கண்டால் பட்டம் பிரித்து, தூரில் படும்படி கையால்தான் அடிக்க வேண்டும்.

தவறியவை

குலைநோய்க்கான தூள் மருந்தை நேரே டேங்கில் கொட்டியதில் வடிகட்டி அடைத்தது. இரண்டு நாசில் பாதி வேகத்தில் ஓடியதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து 3 ஏக்கரில் நோய் கோடு கோடாகத் தெரிந்தது. தூளை வாளியில் 2 லிட்டர் தண்ணீரில் கூழாகக் கரைத்து, துணியில் வடித்த பிறகே டேங்கில் ஊற்ற வேண்டும். இரண்டு மருந்தைச் சேர்ப்பதானால் முதலில் கண்ணாடிப் பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். திரிந்தாலோ அடியில் தங்கினாலோ சேர்க்க வேண்டாம்.

பேட்டரி குறைந்ததும் டிரோன் தானாகப் புறப்பட்ட இடத்துக்கு நேர்கோட்டில் திரும்பும். திரும்பும் உயரம் 15 மீட்டர், வழியில் நின்ற தென்னை 18 மீட்டர். ஒரு கையும் இரண்டு இறக்கையும் உடைந்தன. பழுது உரிமையாளர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால் சங்கத்துக்குச் செலவில்லை. ஆனால் அரை நாள் போனது. புறப்படும் முன் சுற்றிலும் உள்ள உயரமான மரத்தைப் பார்த்து, அதைவிட 5 மீட்டர் கூட்டி வையுங்கள்.

சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போட்டதில் ஒன்று உப்பிவிட்டது. நிழலில் 20 நிமிடம் ஆற வேண்டும். அதனால் 5 செட்டுக்குக் குறைந்தால் வேலை நின்று நின்றுதான் நடக்கும். காலை 9 மணிக்கு மேல் காற்று எழுந்த ஒரு நாளில் மருந்து பக்கத்து வெண்டை வயலில் படிந்தது. அந்தப் பறிப்பை விற்கவிடாமல் அதற்குரிய தொகையைச் சங்கமே கொடுத்தது. அது மேலே உள்ள கணக்கில் சேரவில்லை. களைக்கொல்லியை டிரோனில் அடிக்க நாங்கள் சம்மதிக்கப் போவதில்லை.

அடுத்த பருவம்

தொடர்ச்சியாக 10 ஏக்கர் சேர்ந்தால் மட்டும் பதிவு. கட்டணம் ஏக்கருக்கு 560 ரூபாய், மருந்து தனி. பக்கத்து வயல்காரருக்கு முந்தைய நாள் தகவல் சொல்லி, வரப்பில் கொடி நட்டு, தெளிப்பு காலை 6 முதல் 9 வரையும் மாலை 4-க்குப் பிறகும் மட்டுமே. சொந்தமாக டிரோன் வாங்குவதை, ஒரு பருவத்தில் 600 ஏக்கருக்காவது பதிவு வந்த பிறகு பேசலாம்.