விடுபட்ட எழுத்து: உரைநடையாக இருந்ததை நாடகமாகப் பிரித்த படி

செல்வி, நீ எழுதியதைப் பிரித்து முடித்துவிட்டேன். கதையில் கை வைக்கவில்லை, பயப்படாதே. ஆனால் நீ எழுதியபடியே நடிகர்கள் கையில் கொடுத்தால் யார் எங்கே பேச வேண்டும் என்று தேடுவதிலேயே முதல் நாள் ஒத்திகை போய்விடும். "என்று கேட்க", "என்றாள்", "என்று சொன்னதற்கு" எல்லாம் ஒரே வாக்கியத்துக்குள் பின்னிக் கிடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக உன் பத்தியை முதலில் அப்படியே போட்டிருக்கிறேன், அதற்குக் கீழே என் படி.

வளைவு அடைப்புக்குள் இருப்பவை மேடைக் குறிப்புகள். சதுர அடைப்புக்குள் இருப்பவை நான் சேர்த்தவை, பிடிக்காவிட்டால் அடித்துவிடு. நீ "சொன்னாள்" என்று செய்தியாக எழுதியிருந்த இடங்களை நேர்ப்பேச்சாக்கும்போது பேச்சு வழக்குக்கு மாற்றியிருக்கிறேன், ஏனென்றால் கடைக்கு வந்து நிற்கிற பெண் எழுத்து நடையில் பேசினால் சபையில் சிரிப்பு வரும்.

நீ எழுதியது:

"இருட்டுகிற நேரம், தட்டச்சு இயந்திரம் பழுதுபார்க்கும் கடையில் தங்கவேலு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு திருகைத் தேடிக்கொண்டிருந்தார், குமார் தரையில் உட்கார்ந்து அதே திருகைத் தேடுவதுபோல் தூங்கிக்கொண்டிருந்தான், அப்போது சுமதி ஒரு பழைய இயந்திரத்தைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து இதை விற்க முடியுமா என்று கேட்டாள். விற்கவா ரிப்பேருக்கா என்று அவர் கேட்க விற்கத்தான், அப்பாவுடையது, அவர் போய் மூன்று மாதமாகிறது, வீட்டில் இடமில்லை என்றாள், இடம் இருந்தது என்பது அவளுக்கே தெரியும். உருளையில் ஒரு தாள் மாட்டியிருந்தது, அதில் சுமதி என்றும் கொஞ்சம் இடம் விட்டு ஒரு துணைக்காலும் இருந்தன, கடைசி நாளில் சும்மா தட்டிக்கொண்டிருப்பார், அர்த்தமில்லை, கிழித்துப் போடுங்கள் என்றாள், குப்பையில் போடாதே என்று ஒரு குரல், குமார் அதை மேசைக்கடியில் வைத்தான். அடுத்த வாரம் பணத்துக்கு வருவதாகச் சொல்லிப் போனாள். இரவில் குமார் இயந்திரத்தைச் சோதிக்க வணக்கம் என்று அடித்தால் ணக்கம் என்றே விழுந்தது, வ எழுத்து உதிர்ந்துபோயிருந்தது, தங்கவேலு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக அவள் வரவில்லை. பிறகு ஒருநாள் காலை வந்தாள், பணம் கேட்டாள், அவர் பணம் தராமல் அந்தத் தாளைத் தந்து, விடுபட்ட எழுத்தை நீங்களே அடியுங்கள் என்றார், அவள் அடித்தாள், அப்புறம் இயந்திரத்தை விற்கவில்லை என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாள்."

இனி நாடகம்.

விடுபட்ட எழுத்து
இரண்டு அங்க நாடகம்

பாத்திரங்கள்
தங்கவேலு: கடைக்காரர், அறுபது வயது
குமார்: உதவியாள், பதினெட்டு வயது
சுமதி: நாற்பதை ஒட்டிய பெண்

இடம்: தட்டச்சு இயந்திரம் பழுதுபார்க்கும் கடை. நாடகம் முழுக்க இந்த ஒரே அமைப்புதான்.

அங்கம் 1

காட்சி 1

(மாலை. திரை விலகும்போது மேடை நடுவில் நீண்ட மேசை, மேலே ஒற்றை விளக்கு. சுவரோரம் உறை போட்ட இயந்திரங்கள். தங்கவேலு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசையைத் துழாவுகிறார். குமார் தரையில், குனிந்த தலையோடு தூங்குகிறான்.)

தங்கவேலு: [கெடச்சுதாடா?]

குமார்: [(திடுக்கிட்டு) தேடிட்டேதான் இருக்கேன் முதலாளி.]

(சுமதி பழைய தட்டச்சு இயந்திரத்தை இரு கையாலும் அணைத்துத் தூக்கியபடி இடப்புறமிருந்து வருகிறாள். குமார் ஓடிப்போய் ஒரு பக்கம் தாங்குகிறான். மேசைமீது வைக்கிறார்கள்.)

சுமதி: (மூச்சு வாங்க) இதை விக்க முடியுமாங்க?

தங்கவேலு: விக்கவா, ரிப்பேருக்கா?

சுமதி: விக்கத்தான். அப்பாவோடது. அவர் போய் மூணு மாசமாச்சு. வீட்டுல… (நிறுத்துகிறாள். இயந்திரத்தின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைக்கிறாள்.) வீட்டுல இடமில்லை.

(தங்கவேலு கண்ணாடியை இறக்கிக்கொண்டு உருளையைத் திருப்புகிறார். மாட்டியிருந்த தாள் மேலே வருகிறது.)

தங்கவேலு: ஏதோ அடிச்சிருக்கே. (படிக்கிறார்) சுமதி… அப்புறம் ஒரு இடைவெளி… ஒரு துணைக்கால்.

சுமதி: கடைசி நாள்ல சும்மா தட்டிட்டே இருப்பார். அர்த்தமெல்லாம் இல்ல. கிழிச்சுப் போட்டுருங்க.

(குமார் தாளை உருவிக் கசக்கப் போகிறான்.)

தங்கவேலு: குப்பையில போடாதே.

(குமார் தாளை மேசைக்கடியில் வைக்கிறான்.)

சுமதி: அடுத்த வாரம் வந்து பணத்தை வாங்கிக்கிறேன்.

(போகிறாள். வாசலில் ஒரு கணம் நின்று, திரும்பாமலே வெளியேறுகிறாள். விளக்கு மங்குகிறது.)

காட்சி 2

(அதே இடம், அதே இரவு. மேசை விளக்கு மட்டும். தங்கவேலு கணக்கு எழுதுகிறார். குமார் அவள் கொண்டுவந்த இயந்திரத்தில் புதுத் தாளைச் செருகித் தட்டுகிறான்.)

குமார்: (தாளை உருவிப் பார்த்து) முதலாளி, வணக்கம்னு அடிச்சா ணக்கம்னு விழுது.

தங்கவேலு: (தலை நிமிராமல்) மறுபடி அடி.

(அடிக்கிறான். எட்டிப் பார்க்கிறான்.)

குமார்: ணக்கம். [உருளை நகருது, எழுத்துதான் விழல.] வ உதிர்ந்துபோயிருக்கு.

(தங்கவேலுவின் பேனா நிற்கிறது. மேசைக்கடியில் கைவிட்டுப் பழைய தாளை எடுத்து விளக்கடியில் பிடிக்கிறார். நீண்ட மௌனம். குமார் அவர் தோளுக்கு மேலாகப் பார்க்கிறான். அவனுக்குப் புரிய நேரமாகிறது.)

குமார்: [(மெதுவாக) அது துணைக்கால் மட்டும் இல்ல, இல்லையா முதலாளி?]

(தங்கவேலு பதில் சொல்லவில்லை. விளக்கு அணைகிறது. திரை.)

அங்கம் 2

காட்சி 1

(ஒரு மாதம் கழித்து, காலை வெளிச்சம். அதே கடை. சுமதியின் இயந்திரம் சுத்தமாகத் துடைக்கப்பட்டு மேசை நடுவில் தனியாக இருக்கிறது. [குமார் அதன்மேல் கிடந்த நூலைக் கிள்ளி எடுத்தபடி வாசலையே பார்க்கிறான்.])

குமார்: [ஒரு மாசம் ஆச்சு. இனிமே வரமாட்டாங்க.]

தங்கவேலு: [வருவாங்க.]

(சுமதி வருகிறாள்.)

சுமதி: வர முடியல. அந்தப் பணம்…

(தங்கவேலு மேசை இழுப்பறையைத் திறக்கிறார். சுமதி கை நீட்டுகிறாள். அந்தக் கையில் பழைய தாளை வைக்கிறார்.)

சுமதி: இது எதுக்கு? கிழிச்சுப் போடச் சொன்னேனே.

தங்கவேலு: உங்க அப்பா அடிச்சப்ப இதுல ஒரு எழுத்து உதிர்ந்திருந்துச்சு. இப்ப ஒட்டிட்டேன். விடுபட்ட எழுத்தை நீங்களே அடிங்க.

(குமார் தாளை உருளையில் செருகி, துணைக்காலுக்கு முன்னால் இருக்கும் இடைவெளிக்குச் சரியாக நகர்த்துகிறான். [வ எழுத்தின் விசையைச் சுட்டிக்காட்டுகிறான்.] சுமதி ஒரே ஒரு விசையைத் தட்டுகிறாள். அந்தச் சத்தம் மட்டும். குனிந்து படிக்கிறாள்.)

சுமதி: (ஒலி எழும்பாமல் உதடு அசைகிறது. பிறகு) சுமதி, வா.

(மௌனம். குமார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.)

சுமதி: விக்கலைங்க.

(இயந்திரத்தைத் தூக்குகிறாள். குமார் உதவ வருகிறான், வேண்டாம் என்று தலையசைக்கிறாள். தானே அணைத்துத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே வெளியேறுகிறாள். தங்கவேலு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். திரை.)

உன் முடிவுக்காகக் காத்திருக்கும் இடங்கள் சில. "இடம் இருந்தது என்பது அவளுக்கே தெரியும்" என்ற வரிதான் என்னை ரொம்பப் படுத்தியது. சபைக்கு அது தெரிய வழியே இல்லை. தனிமொழியாகப் போட்டால் அவள் இன்னொரு பெண்ணாகிவிடுவாள், மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்கிறவளாக. அதனால் தூசி துடைப்பதாக மாற்றினேன். நடிக்கிறவளிடம் நீ அந்த வரியைக் காதில் சொல்லிவிட்டால் போதும்.

"குப்பையில் போடாதே என்று ஒரு குரல்" என்று எழுதியிருக்கிறாய். யார் குரல்? தங்கவேலுவுக்குக் கொடுத்தேன், ஏனென்றால் பிற்பாடு தாளைத் தேடி எடுப்பது அவர். சுமதியே மனம் மாறிச் சொன்னதாக நீ நினைத்திருந்தால் இரண்டாம் அங்கத்தில் "கிழிச்சுப் போடச் சொன்னேனே" என்பதை எடுத்துவிட வேண்டும், அது உன் பத்தியில் இல்லாதது, அடைப்புப் போட மறந்துவிட்டேன். அதே மாதிரி "ஒட்டிட்டேன்" என்பதும் நான் சேர்த்ததுதான்: எழுத்து உதிர்ந்தேயிருந்தால் அவள் எப்படி அடிப்பாள்?

அங்கப் பிரிப்பைப் பற்றி. இவ்வளவு சின்ன நாடகத்துக்கு ஒரு அங்கமே போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த ஒரு மாதம் சபைக்குள் இறங்க வேண்டுமானால் திரை விழுந்து எழ வேண்டும், வெறும் விளக்கு அணைத்தல் போதாது. முதல் இரண்டு காட்சிக்கும் நடுவே சில மணி நேரம்தான், அங்கே திரை தேவையில்லை. 1891-இல் வந்த மனோன்மணீயத்தில் காட்சியைக் களம் என்பார்கள், அழகான சொல், ஆனால் குழுவில் எல்லாரும் காட்சி என்றே சொல்வதால் அதையே வைத்தேன். பழைய பிரெஞ்சு நாடகங்களில் ஒருவர் வந்தாலோ போனாலோ புதுக் காட்சி எண் போடுவார்கள். அப்படிப் பிரித்தால் உன் நாடகம் ஐந்தாறு காட்சியாகிவிடும், எதற்கு?

அப்புறம் மேடைப் பொருள் பொறுப்பாளரிடம் இதை மட்டும் இன்றே சொல்லிவிடு: தாள் இரண்டு வேண்டும், முதல் அங்கத்துக்கு ஒன்று, இரண்டாவதற்கு அதே மடிப்பு, அதே அழுக்கோடு இன்னொன்று. உண்மையாகவே விசையைத் தட்டப் போகிறாள் என்பதால் ஒவ்வொரு முறை நாடகம் போடும்போதும் அந்த இரண்டாவது தாள் புதிதாக வேண்டும்.