அகரவரிசையும் வகுப்பு அகராதியும்: நான்காம் வகுப்புத் தமிழ்ப் பாடக்குறிப்பு

டீச்சர், நான் பயிற்சிக்குப் போகும் வாரம் நான்காம் வகுப்புத் தமிழை நீங்கள் பார்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் சொன்னார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்கிறேன். பிள்ளைகள் 26 பேர். ஐந்து பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். சொல் அட்டைகள் பீரோவின் கீழ்த்தட்டில் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டு, ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன்.

இவர்களுக்கு உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் பாட்டாகத்தான் தெரியும். "ழ-வுக்கு அடுத்து என்ன?" என்று கேளுங்கள், க ங ச என்று முதலிலிருந்து தொடங்குவார்கள். அகராதியைப் புரட்ட அந்தப் பாட்டு உதவாது. நடுவிலிருந்து எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும். ஐந்து நாளும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

ஜன்னலுக்கு ஜன்னல் நைலான் கயிறு கட்டி, துணிக் கிளிப் மாட்டுங்கள். முதல் கட்டில் 12 அட்டைகள்: நண்டு, அலை, வலை, ஊளி, சங்கு, ஆமை, பனை, உப்பு, தூண்டில், இறால், முத்து, கணவாய். முதலெழுத்து எல்லாமே வேறு வேறு என்பதால் சிக்கல் வராது. ஆளுக்கொன்று கொடுத்து, வரிசைப்படி கயிற்றில் மாட்டச் சொல்லுங்கள். அலை, ஆமை, இறால், உப்பு, ஊளி, கணவாய், சங்கு, தூண்டில், நண்டு, பனை, முத்து, வலை என்று வர வேண்டும்.

மீதி நேரம் முழுக்கக் கேள்வி விளையாட்டு. "ம-வுக்கு முன்னால்?", "ல-வுக்குப் பின்னால்?" ப, ம வரை தடுமாற மாட்டார்கள். ய ர ல வ ழ ள ற ன என்ற கடைசி எட்டில்தான் எல்லாம் கலையும். அந்த எட்டை மட்டும் பெரிய எழுத்தில் கரும்பலகை ஓரத்தில் எழுதி, வாரம் முழுக்க அழிக்காமல் வைத்திருங்கள்.

இரண்டாம் நாள்

க-வில் தொடங்கும் சொற்கள் மட்டும்: கடல், காரல், கிளிஞ்சல், கூடை, கெளுத்தி, கொடுவா, கோலா. க கா கி கீ என்ற வரிசை தெரிந்தவர்களும் கொடுவாவைக் கெளுத்திக்கு முன்னால் வைக்கப் பார்ப்பார்கள். எழுதும்போது ஒற்றைக் கொம்பு இரண்டுக்கும் முன்னால் வருவதால் கண் ஏமாந்துபோகிறது. சத்தமாகச் சொல்ல வையுங்கள். காது சரியாகச் சொல்லிவிடும்.

பிறகு கணவாய், கப்பல், கயிறு, கரை, கழுகு, கறி. முதலெழுத்து ஒன்றே என்றால் இரண்டாம் எழுத்தைப் பார்க்க வேண்டும். இதை விளக்கிச் சொல்வதைவிட, முதலெழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மீதியைப் படிக்கச் சொன்னால் தானாகப் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள்

வாரத்திலேயே கடினமான நாள் இதுதான். கடல், கட்டுமரம் இரண்டையும் காட்டி எது முதலில் என்று கேளுங்கள். எல்லாரும் கடல் என்பார்கள். அகராதியில் கட்டுமரம்தான் முதலில். புள்ளி வைத்த ட் முதலில் வரும். அதற்குப் பிறகே ட, டா, டி, டீ. நான் வகுப்பில் சொல்வது: "குடும்பத்தில் மூத்தது புள்ளி எழுத்து, அது முன்னால் நிற்கும்." அதேபோல் பட்டம் முதலில், படகு பிறகு, பத்து முதலில், பதநீர் பிறகு, அக்கா முதலில், அகப்பை பிறகு. இந்த நான்கு ஜோடியும் பிசகாமல் வரும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். ஆய்த எழுத்து உயிருக்குப் பின், மெய்க்கு முன்.

நேரம் இருந்தால் கரண்டி, கருப்பட்டி, கருவாடு, கரை. நடுவில் உள்ள இரண்டுக்கும் மூன்றாம் எழுத்து வரை போக வேண்டியிருக்கும்.

நான்காம் நாள்

நூலக அலமாரியில் ஆறு சிறிய அகராதிகள் இருக்கின்றன, குழுவுக்கு ஒன்று. போட்டி வைக்காதீர்கள், வேகமாகப் புரட்டும் இரண்டு மூன்று பேரே எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள். அகராதி கைமாறிக்கொண்டே இருக்கட்டும்.

முதலில் பக்கத்தின் மேலே உள்ள இரண்டு சொற்களைக் காட்டுங்கள். அந்தப் பக்கத்தின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அவை. கரும்பலகையில் "கப்பல் – கருவாடு" என்று எழுதி, கயிறு இந்தப் பக்கத்தில் இருக்குமா, கரை இருக்குமா, கணவாய் இருக்குமா என்று கேளுங்கள். கயிறு இருக்கும். கரை அடுத்த பக்கம், கணவாய் முந்தைய பக்கம்.

அடுத்து, பாடத்திலிருந்து ஒரு பத்தி. "ஆற்றில்" என்று தேடினால் கிடைக்காது. ஆறு என்று தேட வேண்டும். கயிற்றை – கயிறு. வீட்டுக்கு – வீடு. நின்றான் – நில். வந்தாள் – வா. தலைச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. "இல்லை டீச்சர்" என்று வருகிறவர்களிடம் ல, ள, ழ மாற்றித் தேடினாயா, ர, ற மாற்றித் தேடினாயா என்று கேளுங்கள். வலையை வளை என்று தேடினால் எலி வளைதான் கிடைக்கும்!

இடையில் ஒரு மூன்று நிமிடம் வீரமாமுனிவர் கதை. அகராதிக்கு முன்னால் நிகண்டுகள் செய்யுளாக இருந்தன, மனப்பாடம் செய்துதான் பயன்படுத்த வேண்டும். அவர் 1732-இல் சொற்களை அகரவரிசையில் அடுக்கிச் சதுரகராதி தந்தார். மனப்பாடம் தப்பியது என்று கேட்டதும் இவர்களுக்கு அவரைப் பிடித்துவிடும்.

வீட்டு வேலை: வீட்டில் புழங்கும் இரண்டு சொற்கள், பொருளோடு. அப்பா கடலுக்குப் போயிருந்தால் அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ கேட்கட்டும். பாசி எடுக்கப் போகும் அம்மாக்களுக்குத் தெரிந்த சொற்கள் நிறைய.

ஐந்தாம் நாள்

அகராதி செய்யும் நாள். நோட்டு வேண்டாம். சார்ட் தாளைத் தபால் அட்டை அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறேன். ஓரத்தில் துளையிட்டு வலை நூலில் கோர்த்தால், பிறகு வரும் சொல்லையும் உரிய இடத்தில் செருகலாம். ஓர் அட்டைக்கு ஒரு சொல். மாதிரிக்கு நான் எழுதியவை:

ஆவுளியா (பெயர்) – கடற்புல் தின்னும் பெரிய விலங்கு. குட்டிக்குப் பால் கொடுக்கும். மீன் இல்லை. கடல்பசு என்றும் சொல்வார்கள்.

இழு (வினை) – நம் பக்கம் வரச் செய். "கரைவலையை எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள்."

கருவாடு (பெயர்) – உப்புப் போட்டுக் காயவைத்த மீன். "மழை வந்ததும் அம்மா கருவாட்டை அள்ளினார்."

மத்தி – காண்க: சாளை.

வாடை (பெயர்) – வடக்கிலிருந்து வீசும் குளிர்ந்த காற்று.

"ஆமை – கடலில் இருக்கும்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். திருத்தாதீர்கள். சொல்லை மறைத்துப் பொருளை மட்டும் வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவர் நண்டு என்பார், ஒருவர் சங்கு என்பார். எழுதியவரே ஓடு, நான்கு துடுப்புக் கால், மணலில் முட்டை என்று சேர்த்துவிடுவார். ஒரே மீனுக்கு மண்டபத்து வீட்டில் ஒரு பெயர், தொண்டியிலிருந்து வந்த வீட்டில் வேறு பெயர் என்று சண்டை வரலாம். இரண்டையும் எழுதி, ஒன்றில் 'காண்க' போடச் சொல்லுங்கள். ஐஸ் என்று ஒருவர் கட்டாயம் கொண்டுவருவார். அது ஐ-யில் போகும். ஜ, ஷ, ஸ, ஹ-வில் தொடங்குபவற்றை நம் அகராதியில் ன-வுக்கும் பின்னால் வைக்கிறோம்.

கடைசிப் பத்து நிமிடம் ஒவ்வொருவருக்கும் இந்த ஐந்து சொல்: கூடை, கடல், கரை, கட்டுமரம், கருப்பட்டி. விடை: கட்டுமரம், கடல், கருப்பட்டி, கரை, கூடை. கடலை முதலில் வைத்தவருக்குப் புள்ளி எழுத்து இன்னும் வரவில்லை. கரையை முன்னால் வைத்தவருக்கு ரு, ரை வரிசை வரவில்லை. கூடையை மாற்றி வைத்தவருக்கு இரண்டாம் நாள் பாடமே திரும்ப வேண்டும். மார்க் போட வேண்டாம். எதில் பிசகினார்கள் என்று பெயருக்கு நேராகக் குறித்துவையுங்கள், நான் வந்து அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.