வலது கை வளையல்

2012 ஐப்பசி. எங்கள் ஊரில் ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. அது நல்ல நாளில். மற்ற நாளில் எப்போது போகும், எப்போது வரும் என்று கேட்பதையே விட்டிருந்தோம். மோட்டார் ஓட வேண்டிய மும்முனைக் கரண்ட் பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வரும். மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்ததால், அப்பா சாப்பிட்டதும் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்காட்டு மோட்டார் ரூமுக்குப் படுக்கப் போய்விடுவார். அன்றைக்கும் போயிருந்தார்.

சாயந்திரம் சாணி வழிக்கும்போதே ஆத்தா சொல்லிவிட்டாள்.

"மூளிக்கு வால் பக்கம் குழி விழுந்துபோச்சு. மடியும் இறங்கியிருச்சு. இன்னைக்கு ராத்திரி தாண்டாது."

அம்மா உள்ளே போய்க் காலண்டரைப் பார்த்தாள். எருமைக்குப் பத்து மாசம் பத்து நாள் கணக்கு. ஊசி போட்ட தேதியிலிருந்து எண்ணினால் இன்னும் ஆறு நாள் இருந்தது.

"எருமை காலண்டரைப் பாத்தா கண்ணு போடும்?" என்றாள் ஆத்தா.

மூளி எங்கள் வீட்டுக்கு வந்து நாலு வருஷம். கருங்கல்பாளையம் சந்தையில் அப்பா பிடித்து வந்தது. இடது கொம்பு பாதியில் ஒடிந்திருந்ததால் விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். அதன் ஒரு நேரத்துக் கறவை நின்றால் என் டியூஷன் பீஸ் நின்றுவிடும். இதை வீட்டில் யாரும் வாய் விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

பதினொரு மணிக்கு ஆத்தா என்னை எழுப்பினாள். கட்டுத்தரையில் மூளி படுப்பதும் எழுவதுமாக இருந்தது. தீவனத் தட்டைத் தொடவில்லை. நீர்க்குடம் உடைந்து வைக்கோலெல்லாம் ஈரம். வெளிச்சத்துக்கு ஒரு அரிக்கேன் விளக்குதான். அதன் கண்ணாடியிலும் விரிசல், ஆத்தா பழைய கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து ஒட்டியிருந்தாள். மழைத் தூறல் வேறு. அந்த விளக்கில் கறுத்த எருமையைப் பார்ப்பது என்றால், பார்க்கிறவருக்குத்தான் தெரியும். கண் மட்டும் பளிச்சென்று தெரியும், மீதி எல்லாம் இருட்டு.

அக்கா மொபெட்டை உள்ளே தள்ளி வந்து ஸ்டார்ட் செய்தாள். இன்ஜின் ஓடினால்தான் அதில் விளக்கு எரியும். அது தடதடவென்று அடித்ததும் மூளி மிரண்டு எழுந்து கயிற்றை இழுத்தது.

"அமத்துடி அதை! வண்டியை எடுத்துட்டுப் போய் உங்கொப்பனைக் கூட்டிட்டு வா."

அக்கா போனாள். எதற்கும் இருக்கட்டும் என்று நான் டார்ச் உள்ள போனை எடுத்து வைத்துக்கொண்டேன். சார்ஜ் ஒரு கட்டைதான் இருந்தது.

முதலில் ஒரு குளம்பு வந்தது. வெள்ளை சவ்வுக்குள் மஞ்சள் நிறத்தில், அவித்த கிழங்கு மாதிரி. ஆத்தா விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

"அடிப்பக்கம் கீழ பாக்குது. முன்னங்கால்தான். சரி, இன்னொன்னு வரும்."

வரவில்லை. மூளி முக்கி முக்கிக் களைத்துப்போய்த் தலையைத் தரையில் சாய்த்தது. அரை மணி நேரமாக அதே ஒரு கால்தான். அம்மா என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். டார்ச் போட்டுப் பார்ப்பதா, டாக்டரைக் கூப்பிடுவதா? இரண்டுக்கும் சேர்த்துச் சார்ஜ் கிடையாது.

"டாக்டருக்கே போடு" என்றாள்.

நாலாவது ரிங்கில் எடுத்தார். பாலம் மூழ்கிக் கிடக்கிறது, சுற்றி வர ஒன்றரை மணி நேரமாகும், அதுவரை தாங்காது என்றார். பிறகு வேகவேகமாகச் சொன்னார்: கால் ஒன்று உள்ளே மடங்கியிருக்கும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, எருமை முக்காத நேரம் பார்த்துக் கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளணும். மடங்கின காலைத் தேடிப் பிடித்து, குளம்பை உள்ளங்கையால் மூடியபடியே கொண்டு வரணும். "மூடாம இழுத்தீங்கன்னா கர்ப்பப்பை கிழிஞ்…"

போன் அணைந்துவிட்டது.

ஆத்தாவின் கை நடுங்கும். என் கைக்கு அந்தத் தைரியம் இல்லை. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சோப்பு கேட்டாள். சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வலது கை வளையலைக் கழற்றப் போனவள், அப்படியே நின்று ஆத்தாவைப் பார்த்தாள்.

கட்டின புருஷன் இருக்க ராத்திரி நேரத்தில் வளையலைக் கழற்றுவதா? வளையல் உடைந்தால்கூட, மறு வளையல் போடும்வரை கையில் நூல் சுற்றிக்கொள்ளச் சொல்கிறவள் ஆத்தா. விளக்கு வெளிச்சத்தில் அவள் வாய் ஏதோ சொல்ல வந்து நின்றது. பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வலது கைதான. கழட்டு. இடது கைல இருக்குதில்ல."

ஆறு கண்ணாடி வளையல். ஒவ்வொன்றாகக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். நான் டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நல்லெண்ணெயை முழங்கை வரை ஊற்றினேன்.

அம்மாவின் கை முழங்கை வரை உள்ளே போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இருட்டில் திறந்திருந்தும் பயனில்லை. கை விரல் எங்கே என்ன தொடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். "இது மூக்கு… நாக்கு அசையுதுங்க அத்தை, உசுரு இருக்குது… இது கழுத்து… முட்டி, முட்டி கிடைச்சிருச்சு." மூளி முக்கும்போது அவள் கை நசுங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருப்பாள். விட்டதும் தள்ளுவாள். எத்தனை முறை என்று எண்ணவில்லை. கடைசியில் அம்மாவின் மூடிய கை வெளியே வந்து விரிந்தபோது, உள்ளே இரண்டாவது குளம்பு.

அதற்குள் அப்பா வந்துவிட்டார், சேறு அப்பிய காலோடு. ஒன்றும் கேட்கவில்லை. வேட்டியைக் கிழித்து இரண்டு காலிலும் கட்டினார். ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். "அது முக்கும்போது மட்டும் இழு. மேல இழுக்காத, கீழ் பாத்து இழு." உட்கார்ந்து இழுத்ததில் என் பாக்கெட்டில் ஏதோ சளக்கென்றது. தலை வந்தது. தோள் வந்தது. அப்புறம் மொத்தமாக வழுக்கி என் மடியிலேயே விழுந்தது.

மூச்சில்லை. அப்பா வாயில் விரலை விட்டு வழித்து எடுத்தார். ஆத்தா ஒரு வைக்கோல் குச்சியை ஒடித்து மூக்குத் துளைக்குள் விட்டுச் சுழற்றினாள். மறுபடியும் சுழற்றினாள். கன்று தும்மியது, என் முகமெல்லாம் சளி.

"கெடேரி" என்றாள் அக்கா, காலைத் தூக்கிப் பார்த்து.

சரியாக அப்போது டியூப்லைட் இரண்டு முறை துடித்து எரிந்தது. நக்கிக்கொண்டிருந்த மூளி திடுக்கிட்டுத் தலையைத் தூக்கிக் கன்றைக் காலால் ஒதுக்கியது.

"அமத்துங்கடா அந்தச் சனியனை!"

மூன்று மணி நேரமாக எதற்கு ஏங்கினோமோ அதை நானே ஓடிப்போய் அணைத்தேன். அரிக்கேன் வெளிச்சத்தில் மூளி மறுபடி நக்கத் தொடங்கியது. அப்பா மேட்டுக்காட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தார், கன்றை ஒரு முறை பார்த்தார். பிறகு மொபெட் சாவியை வாங்கிக்கொண்டு மோட்டார் போடப் போனார்.

இளங்கொடி விழும்வரை தூங்க முடியாது, விட்டால் எருமையே தின்றுவிடும். ஆத்தா வேலியோர மூங்கிலில் இலை பறித்துவரச் சொல்லி மூளிக்குப் போட்டாள். கொடி விழுந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. ஆலமரத்தில் கட்ட அதைச் சாக்கில் போட்டு முடிந்தாயிற்று.

அம்மா கையைக் கழுவிவிட்டு என் முன்னால் நீட்டினாள். மணிக்கட்டு வரை சிவந்து வீங்கியிருந்தது. பாக்கெட்டிலிருந்து எடுத்து வைத்தேன். நான்கு முழுசு, மீதி துண்டுகள்.

அம்மா ஆத்தாவைப் பார்த்தாள். ஆத்தா கன்றின் குளம்பு நுனியைக் கிள்ளிக்கொண்டு தலை நிமிராமலே இருந்தாள்.

"இந்த வீங்கின கைல இப்ப ஏறாது" என்றாள் ஆத்தா. "செம்பை எடுத்துட்டு வா. கண்ணுக்குச் சீம்பால் ஊட்டணும்."